தெருவிளக்குக்கு மொத்தத் தொகை போதாது

ஆசிரியருக்கு,

வார்டு பட்ஜெட்டில் 'தெருவிளக்குப் பராமரிப்பு' என்று ஒரே தொகையை எழுதி, சென்ற ஆண்டுக் கணக்கில் பத்து சதவீதம் கூட்டிவிடுவது வழக்கம். அது எதற்கான தொகை என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணிக்கை, அலகு விலை, மாற்றும் சுழற்சி மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும்.

ஒரு வார்டில் 240 எல்இடி விளக்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 30 வாட். இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 28,908 யூனிட். மின்கட்டணத்துக்கான கணக்கு இதிலேயே முடிந்துவிடும். விளக்கின் ஆயுளை எட்டு ஆண்டு என்று கொண்டால், ஆண்டுக்கு 30 விளக்கு மாற்றத் தொகை வேண்டும். சிக்கல் இங்கேதான். எல்லாம் ஒரே ஆண்டில் பொருத்தியவை என்றால் முதல் சில ஆண்டுகளில் அத்தொகை செலவாகாது. 'மிச்சம்' என்று வேறு பணிக்குத் திருப்பிவிடுவார்கள். ஏழாம், எட்டாம் ஆண்டில் கும்பலாக அணையும்போது கையில் பணம் இருக்காது. ஆகவே அதைத் தனி இருப்பாக ஆண்டுதோறும் முன்னெடுத்துச் செல்ல வேண்டும்.

பெரும்பாலும் முதலில் பழுதாவது எல்இடி அல்ல, உள்ளிருந்து அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற மின்சுற்றுதான். வெப்பமும் மின்னழுத்த எழுச்சியும் அதைக் கெடுக்கின்றன. டிரைவருக்குத் தனி அலகு விலை இல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் முழு விளக்கையே மாற்றிப் பில் போடுவார். ஏணி வண்டிக்கும் விளக்குக் கணக்கில் அல்லாமல் நாள் கணக்கில் விலை வைத்தால், புகார்களைச் சேர்த்து ஒரே நாளில் முடிக்கலாம். முதன்மைச் சாலைக்கும் சந்திப்புக்கும் மட்டும் உடனடிப் பழுதுநீக்கம்.

பகலில் எரியும் வரிசை கண்ணில் பட்டால், முதலில் ஒளி உணரியில் படிந்த தூசைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர்