‘சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை’ என்று கொடுக்கப்பட்ட அறை குறித்த புகார்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்

பொருள்: அறை, குளியலறை, தீ எச்சரிக்கை, உணவக உணவுப்பட்டியல் ஆகியவற்றில் மாற்றுத்திறனாளி விருந்தினர்களுக்கு உள்ள தடைகள் – திருத்தம் கோருதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அண்மையில் நானும் என் மனைவியும் நண்பர் ஒருவரும் தங்கள் விடுதியில் தங்கினோம். முதுகுத்தண்டில் ஏற்பட்ட காயத்துக்குப் பிறகு நான் சக்கர நாற்காலியில் இயங்கி வருகிறேன். இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி கிடையாது. என் மனைவிக்கு இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு. நண்பருக்குப் பார்வை மிகக் குறைவு. இவை அனைத்தையும் முன்பதிவு செய்யும்போதே எழுத்து மூலம் தெரிவித்திருந்தோம். “எல்லா வசதிகளும் உள்ளன” என்று ஒரே வரியில் பதிலும் வந்தது. அந்த வரியை எழுதியவர் அந்த அறைக்குள் அளவுநாடாவுடன் ஒருமுறையேனும் சென்றிருக்க மாட்டார் என்பதே என் புகார். தங்கள் ஊழியர்கள் பணிவாகவே நடந்துகொண்டார்கள். கதவின் அகலத்தைப் பணிவால் கூட்டிவிட முடியாது என்பதால்தான் இந்தக் கடிதத்தை அவர்களுக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

முகப்பில் உள்ள 3 படிகளின் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். அவற்றின் பக்கத்தில் உள்ள சாய்தளத்தின் நீளம் இரண்டேகால் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு 5 மீட்டர் ஓட்டம். பல நாடுகளின் கட்டட விதிகள் அதிகபட்சச் சரிவாக ஏற்றுக்கொள்வது ஒன்றுக்குப் பன்னிரண்டு. அந்தக் கணக்கில் தங்கள் சாய்தளம் 5 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளம் இருந்திருக்க வேண்டும். இப்போதுள்ள சரிவில் கைகளால் சக்கரத்தை உருட்டி ஏறினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். இதைக் கண்ட வாயிற்காவலர் உதவ ஓடிவந்து, நாற்காலியின் கைவைப்பைப் பிடித்துத் தூக்கினார். அது கழற்றி மாட்டும் வகையைச் சேர்ந்தது என்பதால் அவர் கையோடு வந்துவிட்டது. எங்கே பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இடம் போதாது என்று தாங்கள் கருதினால், நடுவே ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு மடித்துத் திருப்பும் சாய்தளம் கட்டலாம். அதற்கும் இடமில்லையெனில் படிக்கட்டின் பக்கத்தில் சிறிய மேடை லிஃப்ட் பொருத்தலாம். சாய்தளத்தின் அடிவாயில் வரிசையாக அடுக்கப்பட்டுள்ள பூச்சாடிகளை அகற்ற மட்டும் எந்தத் திட்டமும் தேவையில்லை.

அறையின் நுழைவாயில் போதுமான அகலத்தில்தான் இருந்தது. தொல்லை குளியலறையில் தொடங்கியது. அதன் கதவு 80 சென்டிமீட்டர் என்று தங்கள் பராமரிப்பு மேற்பார்வையாளர் கூறினார். அது கதவுப்பலகையின் அகலம். சக்கர நாற்காலிக்குக் கணக்கில் கொள்ள வேண்டியது கதவைத் திறந்து வைத்தபின் பலகையின் முகத்துக்கும் எதிர்ப்பக்கச் சட்டத்துக்கும் இடையில் மிஞ்சும் இடைவெளி; நான் அளந்தபோது அது 71 சென்டிமீட்டர் இருந்தது. என் நாற்காலியின் அகலம் 66. சக்கரத்தை உருட்டும் விரல்களுக்கு இருபுறமும் சேர்த்து 5 சென்டிமீட்டர்தான் மீதம். முதல் நாளே என் விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. அதைவிடப் பெரிய குறை, அந்தக் கதவு உட்புறமாகத் திறப்பது. நாற்காலி உள்ளே சென்ற பிறகு கதவை மூட இடமில்லை என்பதால், தங்கியிருந்த நாட்கள் முழுவதும் கதவைத் திறந்து வைத்தே குளித்தேன். உள்ளே ஒருவர் தவறி விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், காப்பாற்ற வருபவரால் அதைத் திறக்கவே முடியாது. கீல்களை மாற்றிக் கதவை வெளிப்புறமாகத் திறக்கச் செய்வது ஒரு தச்சரின் ஒரு நாள் வேலை. சட்டத்தை அகலப்படுத்துவதற்குக் கூடுதல் நாட்கள் ஆகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் வேலை இரண்டாவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கழிப்பறை இருக்கையின் பக்கத்தில் இருந்த கம்பியைப் பற்றித் தனியாகக் குறிப்பிட வேண்டும். நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறும்போது உடலின் முழு எடையையும் ஒரு கையில் தாங்கி எழும்புகிறோம். ஆகவே அந்தக் கம்பி நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையை, அதுவும் திடீரென்று இழுக்கப்படும் எடையை, தாங்க வேண்டும். தங்கள் கம்பி ஓடுகளின் மேல் பிளாஸ்டிக் அடைப்பும் சிறு திருகாணியும் கொண்டு பொருத்தப்பட்டிருந்தது. நான் கை வைத்ததும் ஒரு முனை சுவரிலிருந்து விரலளவு வெளியே வந்தது. அது துண்டு தொங்கவிடும் கம்பி என்றே எனக்குத் தோன்றுகிறது. யாரோ அதைக் கைப்பிடி என்று எண்ணிவிட்டார்கள். போதாக்குறைக்கு, இருக்கையின் பக்கவாட்டில் நாற்காலியை நிறுத்தத் தேவையான 90 சென்டிமீட்டர் இடத்தில் குப்பைக்கூடையும் அலமாரி ஒன்றும் வைக்கப்பட்டிருந்தன. அலமாரியை வெளியே எடுக்கும்படி நான் கேட்டேன், எடுத்தார்கள். மறுநாள் அறையைச் சுத்தம் செய்தவர், பழைய இடம் அதுதான் என்று மீண்டும் அங்கேயே வைத்துவிட்டார்.

கைகழுவும் தொட்டியின் கீழே முழங்கால் நுழைய இடம் இருந்தது, அதற்கு நன்றி. ஆனால் அங்கே வெந்நீர்க் குழாய் எந்த உறையும் இல்லாமல் ஓடுகிறது. உணர்ச்சியற்ற கால் அதில் பட்டால், தோல் வெந்து போவது கண்ணால் பார்க்கும்வரை தெரியாது. என் மனைவி ஈரத்துண்டைச் சுற்றிக் கட்டியதால் நான் தப்பினேன். குழாய்க்கு நுரை உறை போடுவது மிகச் சிறிய செலவு.

அவசர அழைப்புக்கான சிவப்புக் கயிறு ஒன்றும் அங்கே இருந்தது. அதை மேலே சுருட்டி முடிச்சுப் போட்டு, ஆள் நின்றால் தோள்பட்டை உயரத்தில் விட்டிருந்தார்கள். தரையைத் துடைக்கும்போது தடுக்கிறது என்பதால் கட்டியிருப்பார்கள் என்று புரிகிறது. இந்தக் கயிறு கீழே விழுந்து கிடப்பவருக்கானது. தரைக்கு ஒரு சாண் மேலே வரை தொங்கினால்தான் அதற்குப் பொருள் உண்டு. முடிச்சை அவிழ்த்து இழுத்துப் பார்த்தோம். ஒருவரும் வரவில்லை. அந்த மணி எங்கே ஒலிக்கும் என்று வரவேற்பில் கேட்டபோது, பணியில் இருந்த யாருக்கும் தெரியவில்லை.

இனி, இரவு. என் மனைவி உறங்கும்போது காதொலிக் கருவிகளைக் கழற்றி வைத்துவிடுவார். அதன் பிறகு, அறையின் கூரையில் உள்ள தீ எச்சரிக்கை மணி அவருக்குக் கேட்காது. சாதாரண மணிகளின் ஒலி ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலி. செவித்திறன் குறைந்தவர்கள் பலரும் முதலில் இழப்பது அத்தகைய உயர் ஒலிகளைத்தான். அதனால்தான் 520 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்ந்து ஒலிக்கும் மணிகளைச் சில தரவிதிகள் உறங்கும் அறைகளுக்கு வலியுறுத்துகின்றன. அறவே கேட்காதவர்களுக்கு அதுவும் பயன்படாது. தலையணைக்கு அடியில் அதிரும் தட்டும், கண்ணைப் பறிக்கும் விளக்கும் தேவை. எச்சரிக்கை மணியுடன் இணைத்து, வேண்டுமென்று கோரும் விருந்தினருக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கக்கூடிய பெட்டியாகவே இவை கிடைக்கின்றன. எல்லா அறைகளையும் இடிக்க வேண்டியதில்லை. இதே பெட்டி கதவு தட்டப்படுவதையும் விளக்கால் காட்டும். அது இல்லாததால், நான் வெளியே இருந்த நேரத்தில் தங்கள் ஊழியர் கதவைத் தட்டி, பதில் வராததைக் கண்டு, பொதுச் சாவியால் திறந்து உள்ளே வந்துவிட்டார். என் மனைவி உடை மாற்றிக்கொண்டிருந்தார். ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன். தட்டியது கேட்காத ஒருவர் அந்த அறையில் இருக்கிறார் என்ற செய்தி வரவேற்பிலிருந்து அவரை எட்டவே இல்லை.

எங்கள் அறை நான்காம் தளத்தில் இருந்தது. தீ ஏற்பட்டால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று கதவின் பின்புறம் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் எப்படி இறங்குவது என்று கேட்டதற்கு “நாங்கள் தூக்கி வருவோம்” என்றார்கள். யார், எந்தப் படிக்கட்டு வழியாக, எதைக் கொண்டு என்பதற்குப் பதில் இல்லை. படிகளில் சறுக்கி இறக்கும் மீட்பு நாற்காலி ஒன்றும், அதைக் கையாளப் பயின்ற இருவர் ஒவ்வொரு பணிநேரத்திலும் இருப்பதும் தேவை. இல்லையேல் இத்தகைய அறைகளைத் தரைத்தளத்தில் ஒதுக்குங்கள்.

உணவகத்தில் குறை சிறியது, ஆனால் ஒவ்வொரு வேளையும் தொடர்ந்தது. மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் குறியீட்டை நண்பர் தம் கைபேசியில் திறந்தார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் “படம்” என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. அச்சிட்ட பட்டியலைப் புகைப்படம் எடுத்து ஏற்றியிருக்கிறீர்கள். உணவின் பெயர், விலை, அதில் சேர்க்கப்பட்டவை ஆகியவற்றைச் சாதாரண எழுத்தாகத் தட்டச்சு செய்த இணையப் பக்கமாக வைத்திருந்தால், அவர் யாரையும் எதிர்பார்க்காமல் தாமே தேர்ந்திருப்பார். மாறாக, பரிமாறியவர் என்னைப் பார்த்து “சாருக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். நண்பர் என் பக்கத்தில்தான் அமர்ந்திருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். உணவகத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே உள்ள கண்ணாடிக் கதவில், இடுப்பு உயரத்திலும் கண் உயரத்திலும் மாறுபட்ட நிறத்தில் பட்டைகள் ஒட்டப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அவர் நெற்றியில் பட்ட அடிக்குத் தங்கள் ஊழியர் உடனே பனிக்கட்டி கொண்டுவந்தார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பொதுமக்களுக்குத் திறந்துள்ள தனியார் நிறுவனங்களும் அணுகல்தன்மையைக் கருத்தில் கொள்வதை அரசுகள் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. அதை முன்னிறுத்தி வழக்காடும் எண்ணம் இப்போது எனக்கு இல்லை. நான் கேட்பவை இவைதான். கம்பி, கயிறு, குழாய் உறை, கதவின் கீல், உணவுப்பட்டியல் ஆகியவற்றை உடனடியாகச் சரிசெய்யுங்கள். சாய்தளத்துக்கும் தீ எச்சரிக்கைக்கும் கால வரையறை ஒன்றை எழுத்தில் தாருங்கள். அதுவரை முன்பதிவுப் பக்கத்தில் உள்ள சக்கர நாற்காலிக் குறியீட்டை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் கதவு இடைவெளி, கட்டிலின் உயரம், கழிப்பறை இருக்கையின் உயரம், பக்கவாட்டு இடம், சாய்தளத்தின் நீளம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் வெளியிடுங்கள். ஒவ்வொருவரின் நாற்காலியும் ஒவ்வோர் அளவு; எண்களைக் கொடுத்தால் வரலாமா வேண்டாமா என்பதை நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

அந்த அறைக்கு நாங்கள் செலுத்திய கட்டணத்தில், சாதாரண அறையைவிடக் கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். 30 நாட்களுக்குள் பொது மேலாளரின் கையொப்பத்துடன் பதில் வர வேண்டும். என் மனைவியால் தொலைபேசியில் பேச இயலாது என்பதால், பதிலை மின்னஞ்சலில் மட்டும் அனுப்புமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்த அறையில் தங்கிய விருந்தினர்

இணைப்பு: அளவுநாடா வைத்து எடுத்த புகைப்படங்கள், முன்பதிவின்போது அனுப்பிய கடிதம், அதற்குத் தாங்கள் அளித்த பதில், கட்டண ரசீதின் நகல்