ஆறு மாதக் கதையை எப்போது விடப் போகிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சட்டக் கேள்வி பதில் பகுதியில், தமிழ்நாட்டில் இருக்கும் அப்பா வீட்டை உடன்பிறந்தவர்கள் பிரித்துக்கொள்வது பற்றி ஓர் அம்மா கேட்டிருந்தார். 100 ரூபாய் முத்திரைத்தாளில் குடும்ப ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஆனால் தாள் வாங்கி ஆறு மாதம் தாண்டியிருந்தால் செல்லாது என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் இரண்டு தவறு. பதில் சொன்னவரின் பெயரையும் போடவில்லை, அது அவருக்கு நல்லதுதான்.

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீடு விற்பனைப் பத்திரங்களைக் கவனிக்கும் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருடமும் இதே பகுதியில் வந்த ஒரு பிழையைச் சுட்டி எழுதினேன். நீங்கள் என் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் போட்டீர்கள், அதாவது வணக்கத்தையும் நன்றியையும். பரவாயில்லை, பத்திரிகையில் இடத்துக்குப் பஞ்சம் என்பது தெரிகிறது. கல்யாண மண்டப விளம்பரங்களுக்கு மட்டும் அந்தப் பஞ்சம் வருவதில்லை.

ஆறு மாதக் கதை எங்கிருந்து வந்தது என்று ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்காது. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தில் 54ஆம் பிரிவு. வாங்கிய தாள் தேவைப்படவில்லை என்றால், ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் ரூபாய்க்குப் பத்துக் காசு பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அவ்வளவுதான். அது பணம் திரும்பக் கேட்பதற்கான கெடு, தாளின் ஆயுள் இல்லை. இதைச் சுப்ரீம் கோர்ட்டே 2008இல் சொல்லிவிட்டது, அதுவும் ஒரு தமிழ்நாட்டு வழக்கில். திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள் என்ற அந்த வழக்கில், 1980இல் எழுதிய ஒப்பந்தத்துக்கு 1973இல் வாங்கிய ஒரு தாளையும் 1978இல் வாங்கிய இன்னொரு தாளையும் பயன்படுத்தியிருந்தார்கள். பழைய தாள் என்பதால் மட்டும் பத்திரம் செல்லாமல் போகாது என்றது கோர்ட். பழைய தாள் ஒரு சந்தேகத்தைக் கிளப்பலாம், முன்தேதியிட்டு எழுதினார்களோ என்று எதிர்த்தரப்பு கேட்கலாம், அதுவும் உண்மைதான். ஆனால் சந்தேகம் வேறு, செல்லாது என்பது வேறு.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடியில் மாமனார் வீடு. அவர் காலமான பிறகு வாரிசுகள் மூன்று பேர்: மூத்த மச்சான், என் மனைவி, கொழுந்தியாள். கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் வீடு கொழுந்தியாளுக்கே போகட்டும் என்று எல்லாரும் பேசி முடித்தார்கள். இது 2016இல். மாமனார் பெட்டியில் ஒரு 100 ரூபாய்த் தாள், இரண்டு வருடம் முன்பு வாங்கியது, மடிப்புக் கலையாமல் இருந்தது. ஊர்ப் பத்திர எழுத்தர் ஒருவர் அதைத் தொடவே மாட்டேன் என்றார். ஆறு மாதம் தாண்டிவிட்டதாம், காலாவதியாம். மச்சான் ஓடிப்போய்ப் புதிதாக இன்னொரு 100 ரூபாய்த் தாள் வாங்கி வந்தார். தேதி சரியாகிவிட்டது, எல்லாருக்கும் நிம்மதி. எவ்வளவு ரூபாய்க்குத் தாள் வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

‘இந்தப் பத்திரத்தின் மூலம் இன்று முதல் எங்கள் பாகத்தை விட்டுக்கொடுக்கிறோம்’ என்று எழுதி, மச்சானும் கொழுந்தியாளும் அங்கே கையெழுத்துப் போட்டு, கூரியரில் இங்கே அனுப்பினார்கள். மனைவி இங்கே ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். சிவப்பு முத்திரையும் ரிப்பனுமாகப் பார்க்க அழகாக இருந்தது. கொழுந்தியாள் நகலை வைத்துக்கொண்டாள், அசல் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

அப்புறம் மச்சானின் பையன் வளர்ந்தான், வீட்டு விலையும் வளர்ந்தது. எனக்கும் பங்கு உண்டு என்றார் மச்சான். கொழுந்தியாள் கோர்ட்டுக்குப் போனாள். முதலில் நகலைத்தான் தாக்கல் செய்தார்கள். நகலை ஏற்கவும் முடியாது, அபராதம் கட்டி நேராக்கவும் முடியாது என்றார் நீதிபதி. முத்திரைத் தீர்வை குறைந்த பத்திரத்தைக் கோர்ட் கைப்பற்றி அபராதம் வாங்கலாம், ஆனால் அசல் இருந்தால்தான். 1971 முதல் சுப்ரீம் கோர்ட் இதையே சொல்லிவருகிறது. அசலை நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம். மச்சானின் வக்கீல் எழுந்தார். தாள் எப்போது வாங்கியது என்று அவர் கேட்கவே இல்லை. ‘தீர்வை எவ்வளவு கட்டியிருக்கிறார்கள்?’ என்று ஒரு கேள்விதான்.

கணக்கு இதுதான். எழுதிய அன்று வீட்டின் மதிப்பு 30 லட்சம். இருவர் விட்டுக்கொடுத்த இரண்டு பாகம் 20 லட்சம். குடும்பத்துக்குள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு அப்போது 1 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். கட்டியது 100. குறைவு 19,900. முத்திரைச் சட்டம் 35ஆம் பிரிவின்படி, குறைந்த தீர்வையையும் அதைப்போல் பத்து மடங்கு அபராதத்தையும் கட்டினால்தான் கோர்ட் பத்திரத்தைக் கையில் எடுக்கும். 19,900உம் 1,99,000உம் சேர்த்து 2,18,900 ரூபாய். கோர்ட்டிலேயே கட்டினால் இதைக் குறைக்க நீதிபதிக்கு வழியில்லை. மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்டால், அபராதத்தைக் குறைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கொழுந்தியாளின் வக்கீல் அப்படித்தான் கேட்டார். இந்த ஒரு விஷயத்தை உங்கள் பகுதியில் எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்குக் காசு மிஞ்சியிருக்கும்.

கடைசிக் கையெழுத்து சிங்கப்பூரில் போட்டது, வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்வை கட்டலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். 18ஆம் பிரிவு அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் முழுக்க முழுக்க வெளிநாட்டிலேயே கையெழுத்தான பத்திரத்துக்குத்தான் அந்தச் சலுகை. இங்கே இரண்டு பேர் மன்னார்குடியில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்த நிமிடமே முழுத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். நம்மவர்கள் பாதிப் பேர் பத்திரத்தைக் கூரியரில் ஊருக்கும் இங்கேயுமாக அனுப்பித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். ஒருவராவது இதை யோசித்திருப்பாரா?

தீர்வை கட்டினாலும் கதை முடியாது. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வீடு, நிலத்தில் உரிமையை மாற்றும் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு செய்யாததை வைத்து வீடு என்னுடையது என்று கேட்க முடியாது. கொழுந்தியாள் எப்படி அந்த வீட்டில் குடியிருக்கிறாள் என்பது போன்ற பக்க விஷயத்துக்கு மட்டும் காட்டலாம், அதுவும் தீர்வை கட்டிய பிறகுதான். வாய்மொழியாகப் பாகம் பிரித்து முடித்துவிட்டு, நடந்ததை நினைவுக்காகப் பிறகு எழுதிவைத்திருந்தால் பதிவு தேவையில்லை என்று 1976இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. இவர்களோ ‘இந்தப் பத்திரத்தின் மூலம், இன்று முதல்’ என்று எழுதித் தொலைத்தார்கள். நோட்டரியின் சிவப்பு ரிப்பன் இதில் எதற்கும் உதவவில்லை.

என் மனைவி தன் பங்கை மட்டுமாவது ஒழுங்காக முடித்துவிட்டார். கொழுந்தியாளின் கணவர் முதலில் ஈ-ஸ்டாம்ப் ஒன்று எடுத்து அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார், இங்கே அச்சடித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று. விற்பனை மையம் அச்சடித்துக் கொடுக்கும் தாள்தான் அசல், படத்தை அச்சடித்தால் அது வெறும் காகிதம் என்று சொல்லி நிறுத்தினேன். சாதாரணத் தாளிலேயே பவர் பத்திரம் எழுதி, கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்பினோம். அது ஊரில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் மூன்று மாதம், அதனால் தேதி முத்திரை உள்ள கூரியர் உறையைக் கிழித்தெறியாமல் பத்திரத்தோடு பின் போட்டு வைக்கச் சொன்னோம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தீர்வை கட்டிய பிறகு, அந்தப் பவரைக் கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். அதற்கு எடுத்த ஈ-ஸ்டாம்பின் IN-TN என்று தொடங்கும் எண்ணை www.shcilestamp.com தளத்தில் போட்டு, தொகை, இரண்டு தரப்புப் பெயர், பத்திர வகை மூன்றையும் நான் இங்கிருந்தே சரிபார்த்தேன். மச்சான் பங்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது.

இன்னொன்று. இங்கே சிங்கப்பூர் வரித்துறையான ஐராசுக்கு ஈ-ஸ்டாம்பிங் கட்டினால் ஊர் வீட்டுக்கும் அது ஆகும் என்று சமூக மன்றத்தில் ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார். உங்கள் பத்திரிகையில் படித்ததாகவும் சொன்னார். நீங்கள் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான். சிங்கப்பூர்த் தீர்வை சிங்கப்பூர் வீட்டுக்கும் பங்குகளுக்கும். இங்கே கையெழுத்துப் போட்டால் 14 நாள், வெளிநாட்டில் போட்டால் பத்திரம் இங்கே வந்து 30 நாள் அவகாசம். மன்னார்குடி சார்பதிவாளருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

ஐயா, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், முத்திரைத்தாளுக்கு ஆறு மாதக் காலாவதி கிடையாது என்றும், வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்க 100 ரூபாய்த் தாள் போதாது, பதிவும் வேண்டும் என்றும் ஒரு திருத்தம் போடுங்கள். கேள்வி கேட்ட அந்த அம்மா கையெழுத்துப் போடுவதற்குள் வந்தால் நல்லது. கடிதம் நீளம் என்றால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள், கணக்கு உள்ள பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ப. கு.,
ஈசூன்