தொகையிடலில் தொலையும் கெழு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மேல்நிலை மாணவர்களுக்காக வந்த தொகையிடல் கட்டுரையைப் படித்தேன். நேர்மாறு முக்கோணவியல் சார்புகளாக முடியும் மூன்று வடிவங்களையும் ஒரு கட்டத்துக்குள் போட்டு, "மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்" என்று முடித்திருந்தீர்கள். சூத்திரங்களில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பல வருடங்களாக இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகளுக்கு மதிப்பெண் போவது வடிவத்தை அடையாளம் காண்பதில் அல்ல. tan⁻¹ வரும் என்று சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் நிற்க வேண்டிய எண்தான் தவறிப்போகிறது.

கட்டுரையில் இருந்த முதல் இரண்டு சூத்திரங்கள் இவை (a மிகை எண்):

∫ dx/(a² + x²) = (1/a) tan⁻¹(x/a) + C
∫ dx/√(a² − x²) = sin⁻¹(x/a) + C

ஒன்றில் 1/a இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. ஏன் என்று தெரியாமல் மனப்பாடம் செய்தால், பரீட்சை அவசரத்தில் எது எதற்கு என்று குழம்பத்தான் செய்யும். காரணமோ இரண்டே வரி. x = au என்று பிரதியிட்டால் dx = a du. முதல் வடிவத்தில் பகுதி a²(1 + u²) ஆகிறது. மேலே ஒரு a, கீழே a², ஆகவே 1/a மிஞ்சுகிறது. இரண்டாவதில் வர்க்கமூலம் இருப்பதால் கீழேயும் ஒரு a மட்டும்தான் வெளியே வரும். மேலே உள்ள a அதை அடித்துவிடுகிறது, எதுவும் மிஞ்சுவதில்லை.

இதையே அலகை வைத்தும் பார்க்கலாம். x, a இரண்டும் மீட்டரில் அளந்த நீளங்கள் என்று கொள்ளுங்கள். dx/(a² + x²) என்பதில் மேலே மீட்டர், கீழே சதுர மீட்டர். tan⁻¹ தருவதோ அலகே இல்லாத வெறும் எண். விடுபட்ட 'ஒன்றின் கீழ் மீட்டரை' 1/a தான் கொண்டுவந்தாக வேண்டும். வர்க்கமூலம் உள்ள வடிவத்தில் மேலும் கீழும் மீட்டர்தான், அங்கே 1/a-வுக்கு இடமே இல்லை.

சரி, இதுவரை புரிந்த மாணவரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. x²-க்கு முன்னால் ஒரு கெழு வந்துவிட்டால் போதும்.

∫ dx/(9 + 4x²)

9 என்பது 3², 4x² என்பது (2x)². ஆகவே a = 3, x இருந்த இடத்தில் 2x என்று வைத்து (1/3) tan⁻¹(2x/3) + C என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். விடைத்தாள்களில் நான் மிகுதியாகப் பார்க்கும் தவறு இதுதான். u = 2x என்று எடுத்தால் du = 2 dx, அதாவது dx = du/2. அந்த 1/2 எங்கே போயிற்று? சூத்திரத்தின் 1/3-ஐயும் பிரதியிடலின் 1/2-ஐயும் பெருக்க வேண்டும். சரியான விடை:

(1/6) tan⁻¹(2x/3) + C

வர்க்கமூல வடிவத்தில் இந்தத் தவறு இன்னும் எளிதாக ஒளிந்துகொள்கிறது. ∫ dx/√(9 − 4x²) என்று கேட்டால், "sin⁻¹-க்கு முன்னால் எதுவும் வராது" என்று பழகிய கை sin⁻¹(2x/3) என்று எழுதிவிடும். a-யிலிருந்து எதுவும் வராது என்பது உண்மை. ஆனால் 2x-லிருந்து 1/2 வரும். விடை (1/2) sin⁻¹(2x/3) + C.

இதைப் பிடிக்க முழு விடையையும் வகையிட்டுப் பார்க்கத் தேவையில்லை. tan⁻¹ u, sin⁻¹ u இரண்டுக்குமே u = 0 என்ற இடத்தில் சாய்வு 1. ஆகவே x = 0 என்ற ஒரே இடத்தில் ஒப்பிட்டால் போதும். முன்னால் வரும் எண் தெரியாது என்று வைத்து, விடையை k tan⁻¹(2x/3) என்று எழுதுங்கள். x = 0-இல் இதன் வகைக்கெழு k × 2/3. கொடுத்த சார்பின் மதிப்பு அங்கே 1/9. இரண்டும் சமமாக வேண்டுமானால் k = 1/6. வர்க்கமூலக் கணக்கில் சார்பின் மதிப்பு 1/3; k × 2/3 = 1/3, ஆகவே k = 1/2. இப்படிச் செய்தால் எந்தச் சூத்திரத்தில் 1/a உண்டு என்பதையே நினைவில் வைக்க வேண்டியதில்லை. வடிவம் தெரிந்தால் போதும், எண்ணை x = 0 சொல்லிவிடும்.

வர்க்கப் பூர்த்தி செய்யும் கணக்குகளிலும் இது உதவும். 4x² + 12x + 25 பகுதியில் இருந்தால் அது (2x + 3)² + 16. விடையின் வடிவம் k tan⁻¹((2x + 3)/4). இங்கே சோதிக்க வேண்டிய இடம் x = 0 அல்ல, 2x + 3 பூச்சியமாகும் x = −3/2. அங்கே சார்பின் மதிப்பு 1/16, வகைக்கெழு k × 2/4, ஆகவே k = 1/8.

எல்லைகள் கொடுத்த கணக்காக இருந்தால் இன்னொரு வழியிலும் தவறு தெரிந்துவிடும். முதல் கணக்கையே 0 முதல் 3/2 வரை எடுப்போம். அந்த இடைவெளியில் சார்பின் மிகப் பெரிய மதிப்பு 1/9, அகலம் 1.5. ஆகவே பரப்பு 1/6-ஐ, அதாவது சுமார் 0.167-ஐத் தாண்டவே முடியாது. 1/3 போட்டவருக்குக் கிடைப்பது π/12, சுமார் 0.26. 1/6 போட்டால் π/24, சுமார் 0.13. எது நம்பத்தக்கது என்று பார்த்தவுடனே தெரிகிறது. ஆனால் இது பெரிய தவறுகளைத்தான் பிடிக்கும். k எவ்வளவு என்று சொல்லாது.

உங்கள் கட்டத்தின் மூன்றாவது வடிவமான sec⁻¹ பற்றியும் ஒரு வார்த்தை. ∫ dx/(x√(4x² − 9)) என்பதில், x மிகையாக இருக்கும் பகுதியில், u = 2x என்றால் dx = du/2, கூடவே வெளியே நிற்கும் x-உம் u/2. இரண்டு 2-களும் அடிபட்டுப்போகின்றன. விடை (1/3) sec⁻¹(2x/3) + C. முதல் இரண்டு வடிவங்களில் கவனமாகப் பழகிய மாணவர் இங்கே தேவையில்லாத 1/2-ஐச் சேர்த்து 1/6 என்று எழுதுவதைப் பார்க்கிறேன். இங்கே x = 0-இல் சோதிக்க முடியாது, அங்கே சார்பே இல்லை. 4x² = 18 ஆகும் இடத்தை, அதாவது x = 3/√2-ஐ எடுத்தால் வர்க்கமூலம் 3 என்று சுத்தமாக வந்துவிடும். சார்பின் மதிப்பு √2/9, k sec⁻¹(2x/3)-இன் வகைக்கெழு k√2/3, ஆகவே k = 1/3.

அடுத்த இதழில் கெழுவோடு கூடிய சூத்திரங்களைச் சேர்த்துக் கட்டத்தைப் பெரிதாக்கிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். மனப்பாடச் சுமைதான் கூடும். இருக்கிற மூன்று சூத்திரங்களுக்குக் கீழே k-ஐக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையை ஒரு கணக்கோடு அச்சிடுங்கள். பயிற்சியில் x²-க்கு முன்னால் கெழு உள்ள கணக்குகளையே முதலில் வையுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்