ஸ்கான் செய்த புத்தகத்தில் இருந்து எழுத்தை எடுத்துக்கொண்டு வருவோருக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக, காலமானவர் முன்பு எழுதிய புத்தகத்தில் இருந்து ஒரு அத்தியாயத்தைச் சேர்க்கச் சொல்லிப் பலர் எங்களிடம் வருகிறீர்கள். புத்தகத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்யாமல் ஸ்கான் பிடித்து, ஓ.சி.ஆர். மூலம் எழுத்தாக்கி, பென்டிரைவில் கொண்டு தருகிறீர்கள். அது நல்லதுதான். ஆனால் அப்படி எடுத்த எழுத்துக்குள் ஒவ்வொரு பக்கத்தின் மேல்வரியும் பக்க இலக்கமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. சென்ற ஆண்டு ஒரு மலரில் இதை நாங்கள் கவனிக்கத் தவறினோம். தகப்பனார் எழுதிய ஒரு வசனத்தின் நடுவில் புத்தகத்தின் பெயரும் 58 என்ற இலக்கமும் அச்சாகி, அந்திரட்டி வீட்டில் எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் திரும்ப அச்சிட்டுக் கொடுத்தோம். என்றாலும் முதல் பிரதிதான் பலர் வீட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு இந்த வேலையை எப்படிச் செய்கிறோம் என்பதை உங்களுக்கும் சொல்ல நினைத்தே இதை எழுதுகிறோம்.

முதலில் மேல்வரி எப்படி அமைகிறது என்று பாருங்கள். வழக்கமாக இடப்பக்கத்தில் புத்தகத்தின் பெயரும் இரட்டை இலக்கமும் இருக்கும். வலப்பக்கத்தில் அத்தியாயத்தின் பெயரும் ஒற்றை இலக்கமும் இருக்கும். அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் மேல்வரி பெரும்பாலும் இராது, இலக்கம் கீழே நடுவில் நிற்கும். முழுப்பக்கப் படத்திலும் மேல்வரி இராது. இந்த ஒழுங்கு தெரிந்தால், எத்தனை வரிகள் அகல வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எண்ணிச் சொல்லலாம். எங்கள் முறை முழுவதும் அந்த எண்ணிக்கையை நம்பித்தான் நிற்கிறது.

அண்மையில் செய்த ஒரு அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்தின் பெயரை இங்கே "ஊர் வரலாறு" என்றும், அத்தியாயத்தின் பெயரை "குளமும் வயலும்" என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 41ஆம் பக்கம் முதல் 64ஆம் பக்கம் வரை 24 பக்கங்கள். 41 தொடக்கப் பக்கம், 52 முழுப்பக்க வரைபடம். இரண்டையும் கழித்தால் 22 மேல்வரிகள் இருக்க வேண்டும்.

கோப்பைக் கொண்டுவந்த தம்பி முன்பே ஒரு முயற்சி செய்திருந்தார். இலக்கம் மட்டும் உள்ள வரிகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் அழித்திருந்தார். மேல்வரிகளில் இலக்கமும் பெயரும் ஒரே வரியில் இருந்தபடியால் அவை அப்படியே நின்றன. போனவை வேறு. அத்தியாயத்தில் எட்டு நாட்டார் பாடல்கள் இருந்தன. அவற்றின் முடிவில் தனி வரியில் நின்ற 1 முதல் 8 வரையான பாடல் இலக்கங்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. ஒரு வரி எப்படித் தோன்றுகிறது என்பதை மட்டும் பார்த்து அழித்தால் இப்படித்தான் ஆகும். அது பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதனால் மூல ஸ்கானில் இருந்து மறுபடி எடுத்து, பக்கம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறியைத் தனி வரியில் இட்டோம்: @@@42, @@@43 என்று புத்தகத்தின் பக்க இலக்கத்தோடு. 41க்கு இடவில்லை. அங்கே முதல் வரி அத்தியாயத்தின் தலைப்பு, அது மேல்வரி போலவே இருப்பதால் சேர்ந்து அழிந்துபோகும். குறிகளை இட்ட பிறகு, Notepad++ என்ற மென்பொருளில் Regular expression என்பதைத் தெரிவு செய்து, `. matches newline` என்பதன் சரியை எடுத்துவிட்டு, இதைத் தேடினோம்:

```
^(@@@\d+\R).*(வயலு|வரலா).*\R
```

பக்கக் குறிக்கு அடுத்த வரியாக இருக்க வேண்டும், அதில் இந்த இரண்டு துண்டுகளில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். முழுப் பெயரைக் கொடுக்காமல் துண்டைக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பழைய அச்சில் ஓ.சி.ஆர். ஒரே பெயரை ஒரு பக்கத்தில் "வயலும்" என்றும் இன்னொன்றில் புள்ளி இல்லாமல் "வயலும" என்றும் படிக்கும்.

உடனே Replace All ஐ அழுத்த வேண்டாம். முதலில் Find All in Current Document மூலம் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு 22க்குப் பதிலாக 20 தான் வந்தது. குறைந்த இரண்டையும் பக்கம் பக்கமாகத் தேடினோம். 47ஆம் பக்கத்தின் மேல் ஓரத்தில் பூச்சி அரித்த கறை ஒன்றை ஓ.சி.ஆர். ". -" என்று ஒரு வரியாகப் படித்திருந்ததால், மேல்வரி இரண்டாவது வரியாகத் தள்ளப்பட்டிருந்தது. 58இல் "வரலாறு" என்பது "வரவாறு" ஆகியிருந்தது. இரண்டையும் கையால் திருத்தினோம்.

வந்த இருபதிலும் ஒன்று சரியில்லை. மேல்வரி எப்போதும் குட்டையாக இருக்கும், 61ஆம் பக்கத்தில் வந்ததோ நீண்டு கிடந்தது: "குளமும் வயலும் 61 மாரிமழை பெய்து குளம் வான்பாயும் நாளில்". தையல் பக்கமாகத் தாள் வளைந்திருந்ததால் மேல்வரியும் முதல் வரியும் ஒன்றாகப் படிக்கப்பட்டிருந்தன. பார்க்காமல் அழித்திருந்தால் ஆசிரியரின் ஒரு வரியும் கூடவே போயிருக்கும். 61க்குப் பின் வரியை உடைத்துவிட்டோம். அதன் பிறகு பட்டியல் 22 காட்டியது.

அப்போதுதான் Replace with பெட்டியில் `$1` என்று கொடுத்து Replace All ஐ ஒரே ஒரு தடவை அழுத்தினோம். 22 இடங்கள் மாறியதாக அது சொன்னது. இரண்டாவது தடவை அழுத்தவே கூடாது. மேல்வரி போனதும் உண்மையான முதல் வரி அந்த இடத்துக்கு வந்துவிடும். வயலைப் பற்றிய அத்தியாயத்தில் "வயலுக்கு" என்ற சொல் எத்தனை முதல் வரிகளில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடிப்பக்கத்தில், தொடக்கப் பக்கத்தின் கீழே நிற்கும் இலக்கத்தைக் கையால் அகற்றுவதைத் தவிர, இரண்டு விடயங்கள் மட்டும் சொல்கிறோம். இந்தப் புத்தகம் ஒரே தாளை மடித்து வரும் 16 பக்கப் போர்ம்களாக அச்சிடப்பட்டது. அப்படியான பழைய புத்தகங்களில் 17, 33, 49 என்று ஒவ்வொரு போர்மின் முதற் பக்க அடியிலும் போர்ம் இலக்கம் சிறிதாக நிற்கும். எங்களுக்கு 49ஆம் பக்கத்தின் கடைசியில் "ஊ - 4" என்று வந்தது அதுதான், அதை அகற்றலாம். அடிக்குறிப்பு அப்படி அல்ல, அது ஆசிரியரின் எழுத்து. அதை வெட்டி அத்தியாயத்தின் முடிவுக்குக் கொண்டுபோய் வைக்கிறோம்.

இதற்குப் பிறகுதான் உண்மையில் பொறுமை வேண்டிய வேலை. மேல்வரி போன இடத்தில் இரு பக்கங்களும் பொருந்த வேண்டும். வரைபடப் பக்கத்தை விட்டால் எழுத்துள்ள 23 பக்கத்துக்கு 22 பொருத்துகள். தமிழ் அச்சில் சொல்லை வரி முடிவில் முறிக்கும்போது இணைப்புக்கோடு இடுவது வழக்கம் இல்லை. ஆகவே பக்கத்தின் கடைசியில் நிற்பது முழுச் சொல்லா, பாதிச் சொல்லா என்று கணினிக்குத் தெரியாது. இடைவெளி விட வேண்டுமா, ஒட்ட வேண்டுமா, புதுப் பந்தியா என்பதை ஒவ்வொன்றாக வாசித்தே முடிவு செய்ய வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்த மொழிமுதல் எழுத்து இதற்கு உதவும். 44ஆம் பக்கம் "யாழ்ப்பா" என்று முடிகிறது, 45 "ணத்துக்" என்று தொடங்குகிறது. ண, ன, ழ, ள ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது, எனவே ஒட்டிவிடலாம். புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கினாலும் அப்படியே, ஸ்கான் போன்ற வந்த சொற்களைத் தவிர. ட, ர, ல, ற நான்கிலும் கவனம் தேவை: டாக்டர், ரயில், லண்டன், றப்பர் என்று வந்த சொற்கள் இருக்கின்றன.

மற்ற எழுத்துகளுக்கு விதி கைகொடுக்காது. 55ஆம் பக்கத்தின் கடைசிச் சொற்கள் "கதியால் வேலி". 56இன் முதற் சொல் "கள்". தனியே பார்த்தால் இரண்டுமே நல்ல சொற்கள், எந்த எழுத்துப்பிழை திருத்தியும் அதில் குறை காணாது. ஆனால் தொடர்ந்து வருவது "பாறி விழுந்தன" என்பது. வேலிகள்தான் பாறி விழுந்தன. இடைவெளி விட்டிருந்தால் பனங்கள் அல்லவா பாறி விழுந்திருக்கும்! பக்க முடிவில் நிற்கும் வல்லின ஒற்றும் இருபக்கமும் போகும்: "வயலைக்" என்று முடிந்து "காத்தவர்" என்று தொடங்கினால் இடைவெளி, "மக்" என்று முடிந்து "கள்" என்று தொடங்கினால் ஒட்டு. அதனால் ஒவ்வொரு பொருத்திலும் முன்னால் இரண்டு வரி, பின்னால் இரண்டு வரி வாய்விட்டு வாசிக்கிறோம்.

பொருத்திய பிறகு @@@ குறிகளை நினைவு மலருக்கு முற்றாக எடுத்துவிடுகிறோம். பல்கலைக்கழக ஆய்வுக்கு என்றால் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றை [பக். 45] என்று மாற்றித் தருவோம், மேற்கோள் காட்டும்போது புத்தகத்தைத் திரும்பப் புரட்ட வேண்டியதில்லை. சொல் நடுவில் பக்கம் மாறினால் அந்தச் சொல் முடிந்த பிறகே குறியை வைக்கிறோம்.

தமிழ் இலக்கத்தில் பக்க எண் உள்ள பழைய நூல்கள் கொண்டுவருவோர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ௮௭ என்ற 87ஐ ஓ.சி.ஆர். "அஎ" என்று எழுத்தாகவே படித்துவிடும். அங்கே இலக்கத்தைத் தேடும் எந்த முறையும் பயன்படாது, பக்கங்களைக் கையாலேதான் பார்க்க வேண்டும், நாள் கூடும்.

நீங்கள் இன்னும் ஸ்கான் செய்யவில்லை என்றால் இந்த வேலையில் பாதியைத் தவிர்க்கலாம். இரண்டு பக்கத்தை விரித்து ஒரே படமாக எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் "42 ஊர் வரலாறு குளமும் வயலும் 43" என்று இரண்டு மேல்வரிகளும் ஒரே வரியாகிவிடும், சில வேளை உள்வரிகளும் கலந்துவிடும். தனித்தனிப் பக்கமாக எடுத்து, ஓ.சி.ஆர். செய்யும் முன்பே மேல்வரியைப் படத்தில் வெட்டிவிடலாம். வெட்டாத மூலப் படத்தையும் வைத்திருங்கள்.

எழுத்துக் கோப்போடு ஸ்கான் படத்தையும், முடிந்தால் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். படம் இல்லாமல் எழுத்தை மட்டும் தந்தால், "வேலி", "கள்" போன்ற இடங்களில் எது சரி என்பதை நாங்கள் ஊகிக்கத்தான் முடியும். ஊகித்து அச்சிட எங்களுக்கு மனம் இல்லை. நினைவு மலர் என்றால், அச்சுக்குப் போகும் முன் பொருத்திய எல்லா இடங்களையும் மஞ்சள் நிறம் தீட்டி ஒரு பிரதி தருவோம். வீட்டில் ஒருவர் அந்த இடங்களை மட்டும் வாசித்துக் கையெழுத்திட்டுத் தந்தால் போதும்.

அன்புடன்,
தட்டச்சு மற்றும் அச்சமைப்புப் பகுதியினர்,
யாழ்ப்பாணம்.