கோடு ஏன் வளைகிறது?

கும்பகோணம்

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய உறை நேற்று மதியம் வந்து சேர்ந்தது. உனக்குப் பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். என் மூட்டு வலிதான் ஏணி ஏறவிடாமல் படுத்துகிறது. தரையில் நின்று எழுதும் வேலை என்றால் இன்னும் தயங்காமல் ஒத்துக்கொள்கிறேன்.

இருபது ஆண்டுகள் பிளெக்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டு, ஊர்ப் படிப்பகத்துக்குப் பலகை எழுத நீ மறுபடியும் பிரஷ்ஷைக் கையில் எடுத்திருக்கிறாய் என்று படித்தபோது கண் கலங்கிவிட்டது. "கை நடுங்குகிறது, வயதாகிவிட்டது, கோடு நேராக நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். ஒத்திகைக்காக 'படிப்பகம்' என்று எழுதிப் பார்த்த தாளையும் உள்ளே வைத்திருந்தாய். அதைச் சுவரில் ஒட்டி, இரண்டு மணி நேரம் போவதும் வருவதுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கை நடுங்கவில்லை. எழுதும்போது வலது கைக்குத் தாங்கலாக நாம் பிடிப்போமே, அந்தக் குச்சியில்தான் தவறு இருக்கிறது, குச்சியை நீ பிடிக்கும் விதத்தில் இருக்கிறது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், அந்தச் சொல்லில் மூன்று 'ப' வருகிறது. ஒவ்வொரு 'ப'வுக்கும் இரண்டு செங்குத்துக் கால்கள். கை நடுங்கினால் கோட்டின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்க வேண்டும், ஒரு இடத்தில் இடப்பக்கமும் அடுத்த இடத்தில் வலப்பக்கமும் போக வேண்டும். உன் கோடுகளின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கிறது. ஆனால் எல்லாக் கால்களும் நடுவில் இடப்பக்கமாகவே புடைத்திருக்கின்றன. காற்றில் திரைச்சீலை ஒரே பக்கமாக உப்புவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அப்படி. ஒரே பக்கமாக, ஒரே அளவாக வளைவது நடுக்கத்தின் வேலை அல்ல. அது வட்டத்தின் வேலை.

நினைத்துப் பார். குச்சியின் பஞ்சுத் தலையைப் பலகையின் வலப்பக்கத்தில் ஊன்றுகிறாய். மறுமுனை இடது கையில். வலது மணிக்கட்டைக் குச்சியின் மேல் வைத்து, இடது கையை மெல்ல இறக்கி, குச்சியையும் கையையும் பிரஷ்ஷையும் ஒன்றாகக் கீழே கொண்டுவருகிறாய். கை குச்சியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பஞ்சுத் தலை ஆணி அடித்தது போல் நிற்கிறது. அப்படியானால் பிரஷ் நுனி எதை வரையும்? கயிற்றில் கட்டிய சாக்பீஸ் வரைவதைத்தான் வரையும். மையம் வலப்பக்கம் இருப்பதால் வளைவு இடப்பக்கம் புடைக்கிறது.

எவ்வளவு புடைக்கும் என்று கணக்கும் போட்டுப் பார்த்தேன். பஞ்சுத் தலையிலிருந்து பிரஷ் நுனி வரை 60 செ.மீ. என்று வைத்துக்கொள். உன் எழுத்தின் உயரம் 20 செ.மீ. நடுவில் ஏறக்குறைய 8 மி.மீ. விலகும். உன் தாளில் ஸ்கேலை வைத்து அளந்தேன், 7 இருந்தது. நீயும் கொஞ்சம் சரிக்கட்டியிருக்கிறாய் போலிருக்கிறது. இதே குச்சியை வைத்து 5 செ.மீ. எழுத்து எழுதினால் விலகல் அரை மில்லிமீட்டர்தான், யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் நாம் சைக்கிள் மட்கார்டிலும் சாப்பாட்டுக் கடை விலைப்பட்டியலிலும் எழுதியதெல்லாம் சின்ன எழுத்து. அதனால்தான் இந்தக் குறை நம்மைப் பிடிக்கவில்லை. பெரிய எழுத்தெல்லாம் வாத்தியார் எழுதுவார், நாம் உள்ளே நிரப்புவோம். இதை அவரிடம் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டோம் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஆனால் அவர் கை எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீளக் கோடு என்றால் அவர் குச்சியைச் சாய்வாக வைக்கவே மாட்டார். கோட்டுக்கு இணையாக வைப்பார். செங்குத்துக் கோடு என்றால் குச்சியும் செங்குத்து. பஞ்சுத் தலை மேலே, இடது கை கீழே, கோட்டுக்கு வலப்பக்கம் நான்கு விரற்கடை தள்ளி. பிறகு குச்சி அசையாது. கைதான் நகரும். சுண்டுவிரலும் மோதிர விரலும் குச்சியை அணைத்தபடி மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வரும், தண்டவாளத்தில் வண்டி வருவது போல. கிடைக்கோட்டுக்கும் இதே முறைதான். குச்சியைக் கோட்டுக்குக் கீழே படுக்கையாக வைத்து, கையை இடமிருந்து வலமாக வழுக்கவிட வேண்டும். குச்சி வழுவழுப்பாக இருந்தால்தான் விரல் தடையில்லாமல் வழுக்கும். மூங்கில் என்றால் கணுக்களை நன்றாகச் சீவிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துவிடு.

இணையாக வைக்க இடம் போதாத மூலைகளில் மட்டும் சாய்வாக வைத்துக்கொள். அப்போது ஒரே இழுப்பில் 20 செ.மீ. இறங்காதே. 10 செ.மீ. இழுத்து நிறுத்தி, பஞ்சுத் தலையைத் தூக்கிக் கீழே வைத்து, மறுபடி 10 இழு. நீளம் பாதியானால் விலகல் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். 8 மி.மீ. இருந்த இடத்தில் 2 மி.மீ. அந்த 2 மில்லிமீட்டரைக் கண்ணும் கையும் சேர்ந்து சரிசெய்துவிடும். தலையைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கீழே ஈர எனாமல் இருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

உன் தாளில் இன்னொன்றும் பார்த்தேன். 'டி'யின் அடிக்கோடு இடப்பக்கம் தடித்தும் வலப்பக்கம் மெலிந்தும் இருக்கிறது. பஞ்சுத் தலை பலகையிலிருந்து குச்சியை ஒன்றரை அங்குலம் தூக்கி நிறுத்துகிறது. மறுமுனையில் உன் இடது கை பலகையோடு ஒட்டிவிட்டது என்று நினைக்கிறேன். அங்கே பிரஷ் பலகைக்கு மிக அருகில் போய் முடி அழுந்துகிறது, கோடு தடிக்கிறது. தலைப் பக்கம் போகப் போக அழுத்தம் குறைந்து கோடு மெலிகிறது. இடது கை விரல் முட்டியைப் பலகைக்கும் குச்சிக்கும் நடுவில் கொடுத்து, இரண்டு முனையும் ஒரே உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள். அழுத்தம் மாறாவிட்டால் அகலமும் மாறாது.

பட்டை பிரஷ்ஷைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதன் வாய் உளியின் வாய் போல ஒரே கோடாக நிற்க வேண்டும். எனாமலில் முக்கியவுடன் அப்படி நிற்காது, முடி உப்பிப்போய் இருக்கும். வழவழப்பான அட்டைத் துண்டிலோ பழைய ஓட்டிலோ ஒரு பக்கம் இழுத்து, திருப்பி மறுபக்கம் இழுக்க வேண்டும். ஐந்தாறு முறை இப்படிச் செய்தால் எனாமல் முடியின் உள்ளே ஏறும், மேலே தொங்குவது வழிந்துபோகும், வாய் கூர்மையாகும். அந்த அட்டையிலேயே எனாமலின் பதமும் தெரிந்துவிடும். பிரஷ் பிடித்து இழுப்பது போல் கனமாக இருந்தால் இரண்டு சொட்டு டர்பன்டைன் விடு. கோட்டின் ஓரம் தானாகப் பரவினால் நீர்த்துவிட்டது என்று பொருள், கொஞ்சம் எனாமல் சேர். வெயிலில் எழுதும்போது கிண்ணத்தில் இருப்பது அரை மணிக்குள் கெட்டியாகிவிடும். காலையில் பார்த்த பதத்தைப் பத்து மணிக்கு நம்பாதே.

இழுக்கும்போது உளிவாய் கோட்டின் போக்குக்குக் குறுக்காகவே இருக்க வேண்டும். விரல்களுக்கிடையில் காம்பு சற்றே உருண்டாலும் கோடு மெலியும். உன் இரண்டாவது 'ப'வின் வலக்கால் பாதியில் மெலிந்திருக்கிறதே, அங்கே ஓரம் சுத்தமாக இருக்கிறது, ஆகவே அது காம்பு உருண்டதால் வந்தது. கடைசி 'ம்'மில் மெலிந்த இடத்தில் ஓரம் சொரசொரப்பாக இருக்கிறது, அது எனாமல் தீர்ந்துபோனதால். முதலாவதற்கு விரலைக் கவனி. இரண்டாவதற்கு எனாமல் தீருமுன்பே நிறுத்திவிட்டு மறுபடி முக்கு. தொடரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காதே. ஓர் அங்குலம் பின்னால் போய், கொக்கு வயலில் இறங்குவது போல மெதுவாகத் தொட்டு, ஏற்கெனவே இருக்கும் கோட்டின் மேலேயே ஓடி முன்னே போ. ஒட்டு தெரியாது.

உன் பலகை எட்டடி. ஆறு எழுத்து தாராளமாக அடங்கும். முதலில் மேலும் கீழும் நூல் அடித்துவிடு. செங்குத்துக் கால்களுக்கும் தூக்குக்குண்டு பிடித்து சாக்பீஸால் மெல்லிய கோடு போட்டுக்கொள். 'க'வின் வளைவையும் 'டி'யின் சுழியையும் ஆரம்பத்தில் தொடாதே. முதலில் செங்குத்துக் கால்கள் எல்லாம், அவை காய்ந்த பிறகு அடிக்கோடுகள், வளைவுகள் கடைசியில். அப்போதுதான் குச்சியை அடிக்கடி மாற்றிப் பிடிக்க வேண்டியிராது, கைக்கும் ஒரே பழக்கம் வரும். இழுக்கும்போது பிரஷ் நுனியைப் பார்க்காமல், அதற்கு இரண்டு அங்குலம் முன்னால் சாக்பீஸ் கோட்டைப் பார். வாத்தியார் நம் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது இதைத்தான்.

ஒரு செய்தி சொல்ல மறந்துவிட்டேன். என் மகள் கைப்பேசியில் ஓர் ஓவியம் காட்டினாள். காதரினா வான் ஹெமெஸ்ஸன் என்ற பெண்மணி 1548-இல் தன்னைத்தானே தீட்டிக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். பலகை முன் உட்கார்ந்திருக்கிறார், வலது கையில் பிரஷ், அந்தக் கைக்கு அடியில் ஒரு குச்சி! டச்சுக்காரர்கள் அதை மால்ஸ்டாக் என்பார்கள், ஓவியக்கோல் என்று பொருள். நாம் குச்சி என்று மட்டுமே சொல்லி வந்த பொருள் அது. வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஒரு குச்சி செய்து அனுப்புகிறேன். மூன்றடி நீளம், தேக்குச் சட்டத்தில் மிஞ்சியதை இழைத்தது. தலையில் பஞ்சை உருட்டி வைத்து, பழைய மென்தோல் துண்டைப் போர்த்திக் கட்டியிருக்கிறேன். கூடவே முக்கால் அங்குலப் பட்டை பிரஷ் ஒன்றும் வருகிறது. அணில் முடி, எண்ணெய் தோய்த்து வாயை ஒட்டவைத்திருக்கிறேன், டர்பன்டைனில் அலசிவிட்டுத்தான் எனாமலில் முக்க வேண்டும். வேலை முடிந்ததும் தகரக் கழுத்து வரை நன்றாக அலசி, மறுபடி எண்ணெய் தொட்டு, விரலால் வாயை அமுக்கிப் படுக்கவைத்துவிடு. கழுத்துக்குள் எனாமல் காய்ந்தால் முடி இரண்டாகப் பிரிந்துவிடும், பிறகு எந்தக் குச்சியாலும் அதில் நேர்கோடு வராது.

பார்சல் கிடைத்ததும் 20 செ.மீ. உயரத்துக்குப் பத்துக் கால்கள் மட்டும் இழுத்து, எதையும் திருத்தாமல் அந்தத் தாளை எனக்கு அனுப்பு. குச்சியை இணையாக வைத்தது எது, சாய்வாக வைத்தது எது என்று பக்கத்தில் குறித்துவை. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பேத்திக்கு என் ஆசிகள். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

என்றும் உன்,
பழைய நண்பன்