எட்டரை மணிக்கு என்னோடு உட்கார்ந்தவர்களுக்கு

வணக்கம். மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கிற என் ஆட்களுக்கு இந்த மடல். நேரில் சொல்ல நாலைந்து தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் கடை அக்கா "சரி சரி, முதல்ல பசியாறு தம்பி" என்று பேச்சை முடித்துவிட்டார், ஆலையில் பாய்லர் பார்க்கிற அண்ணன் எழுந்தே போய்விட்டார். அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். ஊர் ஏக்கத்திலும் திடீர்ப் பயத்திலும் நான் தவித்தபோது தாங்கிப் பிடித்தவர்களில் யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று விவரமாகச் சொன்னால்தான் மனசு ஆறும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தென்காசிப் பக்கத்துக்காரன். இங்கே ஒரு செம்பனை ஆலையில் லேப் வேலை. எண்ணெய் எடுத்து, அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று மணிக்கணக்காகப் பார்க்கிற வேலை. தங்குவது பெக்கானில், அதாவது கடைத்தெருவில், அக்காவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. வந்த முதல் மாதம் எல்லாமே புதிது என்பதால் ஓடிவிட்டது. இரண்டாவது மாதம்தான் ஊர் ஏக்கம் பிடித்துக்கொண்டது.

மலேசிய நேரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். வீட்டில் அம்மா ஆறு மணிக்கு விளக்கேற்றும்போது இங்கே இரவு எட்டரை. அந்த நேரத்துக்குத்தான் தினமும் வீடியோவில் கூப்பிடுவேன். முதலில் பத்து நிமிடம். அப்புறம் அம்மா சமைக்கும்போது போனைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்வேன். அப்புறம் வீட்டில் எல்லோரும் படுக்கிற வரை வைக்கவே மாட்டேன், இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கும். போனை வைத்த அடுத்த நிமிடம், ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே மாதிரி செம்பனை வரிசை, ஆலையில் நீராவி விடுகிற சீறல், அவ்வளவுதான். தினமும் ஒரு தடவை ஊரைவிட்டுக் கிளம்பி வருகிற மாதிரி இருந்தது.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள் எட்டரைக்குக் கூப்பிட்டபோது வீட்டில் லைன் கிடைக்கவில்லை. மின்சாரம் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. எனக்கு நெஞ்சு இறுகியது, மூச்சு போதவில்லை, உதடு மரத்துப் போனது, விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். கீழே இறங்கி வந்து அக்காவின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவு இருக்கிறது. அக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். யாரோ ஒருவர் காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொன்னார். அண்ணன் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என்னைக் காரில் ஏற்றினார். அது சரியான வேலை என்று பிறகு டாக்டர் சொன்னார். ஏனென்றால் அது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் பைக்குள் மூச்சு விடுவது பிராணவாயுவைக் குறைத்துவிடும், அந்த நிமிடத்தில் எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

தெலுக் இந்தான் அரசு மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். அண்ணனுக்கு ஆறு மணிக்கு வேலை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். அண்ணே, அதற்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. நன்றி.

அதன் பிறகு ஆறு வாரம் மோசமான காலம். இதயம் நன்றாக இருக்கிறது என்ற நிம்மதி இரண்டு நாள்தான் நின்றது. அந்தப் பயமும் மூச்சுத் திணறலும் மறுபடி வந்தது, ஒரு தடவை பஸ்ஸில். பஸ்ஸை விட்டேன். கடையில் வந்தது, கடையில் உட்காருவதை விட்டேன். ஆலை, அறை, ஆலை, அறை. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், நாடி பார்க்க இரண்டு விரல் எப்போதும் மணிக்கட்டில். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மனசு உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்கிற பிஃப்ரெண்டர்ஸ் அமைப்புக்குப் போன் செய்தேன், 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அந்தப் பக்கம் இருந்தவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை, நான் அழுது முடிக்கிற வரை இருந்தார். பெயர்கூடத் தெரியாத அவருக்கும் நன்றி.

அடுத்து, பிறகு நான் போய்ப் பார்த்த தமிழ் டாக்டர். தைராய்டையும் பார்த்து அதுவும் சரி என்று ஆன பிறகு, ஆஸ்துமா உண்டா என்று கேட்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "ஒரு நிமிஷம் வேகமா மூச்சு வாங்குங்க" என்றார். வாங்கினேன். நாற்பது விநாடியில் அதே உதடு மரப்பு, அதே விரல் கூச்சம், அதே தலைசுற்றல். நிறுத்தச் சொன்னார். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிட்டது. நான் லேப் ஆள் என்பதால் என் பாஷையிலேயே விளக்கினார்: பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போகிறது, ரத்தம் கொஞ்சம் காரத்தன்மை பக்கம் நகர்கிறது, அதனால் நரம்புகள் சும்மாவே துடிக்கின்றன, அதுதான் கூச்சமும் மரப்பும். தினமும் அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரே ஒரு சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்க்கிறவன் நான். எவ்வளவு சின்ன நகர்வு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எனக்குச் சொல்லவே வேண்டாம். என்னைக் கொல்ல வந்தது என்று நினைத்ததை நானே ஒரு நிமிடத்தில் வரவழைத்தேன், அது தானே போனது. அந்த நாற்காலியில்தான் ஏதோ ஒன்று தளர்ந்தது. (யாரும் இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம், முதலில் டாக்டர் உடம்பைப் பார்க்கட்டும்.)

அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "செத்துடுவேன்னு பயமா, இல்ல தனியா செத்துடுவேன்னு பயமா?" பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. ஏதாவது ஆனால் டிக்கெட் எல்லாம் எடுத்து அம்மா எப்படி வந்து சேருவார் என்று ராத்திரி ராத்திரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் கொடுத்தது இரண்டு வேலை. முதலாவது போன். பயம் ஏறும்போது வீட்டைக் கூப்பிடக் கூடாது. அப்படிக் கூப்பிட்டால் பயம் அடங்கியதற்கு அம்மாவின் குரல்தான் காரணம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த தடவை லைன் கிடைக்காவிட்டால் அவ்வளவுதான். பேச வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை, நேரத்தை மாற்றச் சொன்னார். புதன், வெள்ளி, ஞாயிறு காலை ஒன்பது மணி, ஊரில் ஆறரை, அரை மணி நேரம். இதில் என்னைவிட அம்மாவுக்குத்தான் கஷ்டம். "நெஞ்சு வலிக்குதாப்பா" என்று கேட்காமல் இருக்கவும் டாக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு வாரம் அம்மா போனை வைத்துவிட்டு அழுவார் என்று தங்கச்சி பிறகுதான் சொன்னாள். எனக்குக் கேட்கும்போது ஒரு நாளும் அழவில்லை, பசு கன்று போட்டதையும் எதிர்வீட்டுச் சண்டையையும் மட்டும் சொன்னார். அம்மா, அந்தப் பேச்சுதான் எனக்கு மருந்து. தங்கச்சி, எட்டரைக்கு நான் விதியை மீறிக் கூப்பிட்ட அன்று நீ எடுக்காமல் விட்டாயே, அன்று உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். இன்று கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இரண்டாவது வேலை, எந்த இடத்தைவிட்டு ஓடினேனோ அங்கேயே போய் உட்காருவது. இரவு எட்டரைக்கு அக்கா கடையில், சுவரோர மேசையில், போனும் தண்ணீர் பாட்டிலும் மேலே அறையில். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுத வேண்டும். பாதிக்குக் கீழே இறங்குகிற வரை எழுந்து போகக் கூடாது. உச்சத்தில் எழுந்து போனால் ஓடியதால்தான் பிழைத்தேன் என்று மனசு பதிந்துகொள்ளுமாம். முதல் நாள் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 8.30க்கு ஒன்பது, 8.50க்கும் ஒன்பது, 9.05க்கு ஆறு, 9.20க்கு மூன்று. 8.50க்கு நான் எழப் பார்த்தேன். அக்கா ஒரு கிளாஸ் மைலோ கொண்டுவந்து வைத்து எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை, என்ன செய்கிறது என்றும் கேட்கவில்லை. டாக்டர் அப்படித்தான் இருக்கச் சொல்லியிருந்தார், அக்கா அதை எழுத்துப் பிசகாமல் செய்தார். எட்டாவது நாள் ஐந்தில் ஆரம்பித்து கால் மணியில் இரண்டுக்கு வந்தது.

அக்காவின் அம்மா, நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், அந்த மேசைக்கு வந்து உட்காருவார். தோட்டத்தில் ரப்பர் பால் மரம் சீவியவர். அவர் அப்பா ரஜுலா கப்பலில் வந்தவர். ஊரிலிருந்து கடுதாசி வந்தால் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் சேர்த்துப் படிப்பார்களாம், யார் வீட்டுக் கடுதாசி என்றாலும். அடுத்த கடுதாசி வரும்வரை அதே செய்தியைப் பேசிக்கொண்டிருப்பார்களாம். என்னிடமும் தென்காசிச் செய்தியைக் கேட்பார். நானும் புதன்கிழமை கேட்டதை வியாழக்கிழமை ராத்திரி அவரிடம் சொல்வேன். வீட்டு நினைப்பை மனசுக்குள்ளே பூட்டி வைக்காமல் வெளியே எடுத்து வைக்க ஓர் இடம் கிடைத்தது. பெரியம்மா, எங்கள் பசுவின் கன்றுக்குப் பெயர் வைத்தது நீங்கள்தான், ஊரில் அதே பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

பஸ்தான் கடைசி. தெலுக் இந்தானுக்கு. முதல் தடவை அண்ணன் பக்கத்து சீட்டில், அடுத்த தடவை கடைசி சீட்டில், மூன்றாவது தடவை பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டர் சைக்கிளில். அந்த மூன்றாவது தடவை நல்ல மழை, கண்ணாடி எல்லாம் மூடி உள்ளே புழுக்கம். பாதி வழியில் இறங்கிவிட்டேன். அண்ணன் மோட்டரை நிறுத்தினார். ஏறிக்கொள் என்பார் என்று நினைத்தேன். "அடுத்த பஸ் வரும் தம்பி, நிப்போம்" என்றார். இரண்டு பேரும் நனைந்துகொண்டே நின்றோம், அடுத்த பஸ்ஸில் ஏறினேன். நாலாவது தடவை தனியாகப் போனேன். அந்த ஊர்ச் சாய்ந்த கோபுரத்துக்கு எதிரே நின்று 1885இல் கட்டியது என்று படித்தேன், வெளியிலிருந்து எட்டு அடுக்கு தெரிந்தாலும் உள்ளே மூன்று மாடிதான் என்று அங்கிருந்த ஒரு பெரியவர் சொன்னார். ஒரு தே தாரிக் குடித்தேன். திரும்பி வந்தேன்.

இப்போதும் வரும். பொங்கல் அன்று வந்தது, இருபது நிமிடம் இருந்தது, கடையில் இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், நான் எழவில்லை.

அக்கா, அந்த மேசையில் நான் குடித்த மைலோவுக்கு நீங்கள் கணக்கே எழுதவில்லை என்று நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தடுக்க வேண்டாம். சனிக்கிழமை எட்டரைக்குக் கீழே வருகிறேன், வெங்காயத்தை நான் உரிக்கிறேன்.