திடலில் தெரியும் பறவை வைரி அல்ல

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி வளாகத்தில் வேட்டைப் பறவை ஒன்று திரிகிறதே, பிள்ளைகள்மீது பாய்ந்துவிடாதா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அது வைரி அல்ல, அக்கா குயில். யாரையும் தாக்காது. வீட்டில் பிள்ளைகள் இதைவிடச் சுவையான கதை சொல்லியிருக்கக்கூடும் என்பதால், நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் அறிவியல் ஆசிரியை படங்களுடன் இங்குள்ள இயற்கை ஆர்வலர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பறவை புறா அளவு இருந்தது, சிறகைச் சில முறை அடித்துவிட்டு மிதந்தது, கிளையில் அமர்ந்ததும் வாலைப் பக்கவாட்டில் ஆட்டியது, அதைக் கண்டதும் தவிட்டுக்குருவிகள் கூச்சலிட்டன என்று பார்த்ததை மட்டும் குறித்தார். எந்தப் பெயரையும் ஊகித்து எழுதவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பெயரைச் சொல்லிவிட்டால், படிப்பவர் அந்தப் பறவையைத்தான் படத்தில் தேடுவார். படங்களையும் வெட்டாமல், நிறம் மாற்றாமல் மின்னஞ்சலில் அனுப்பினார். அரட்டைச் செயலியில் அனுப்பினால் படம் சுருங்கும். அலகின் வளைவு போன்ற நுண்ணிய விவரங்கள்தான் முதலில் மங்கும்.

குழுவின் பதில் வந்தது. பறக்கும் விதமும் குருவிகளின் கூச்சலும் எதையும் தீர்மானிக்காது, ஏனெனில் அக்கா குயில் வைரியை ஒத்திருப்பதே அவற்றில்தான். சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால், செம்பழுப்புக் கோடுகள் கொண்ட மார்பு ஆகியவையும் இரண்டுக்கும் பொது. ஆகவே பின்னாலிருந்து எடுத்த படம் பயன்படவில்லை. பக்கவாட்டுப் படமே விடை சொன்னது. வைரியின் அலகு குட்டையாக, கொக்கிபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இதன் அலகு மெலிந்து, ஏறத்தாழ நேராக இருந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் தெளிவாகத் தெரிந்தது. குயிலுக்கு இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு பின்னும் இருக்கும். வைரிக்கு மூன்று முன்னும் ஒன்று பின்னும். அதையும் பார்த்திருக்கலாம், ஆனால் கால்களை இலை மறைத்துவிட்டது. தெரியாததை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

தவிட்டுக்குருவிகளின் பதற்றத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அக்கா குயில் கூடு கட்டுவதில்லை. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும். இரண்டின் முட்டைகளும் நீல நிறம். குஞ்சு வளர்ந்து தன்னைவிடப் பெரிதான பின்னும் தவிட்டுக்குருவி அதற்கு இரை ஊட்டும். அந்தக் காட்சியைக் காணும் பிள்ளைகள், குருவியைக் காப்பாற்றுவதாக எண்ணிக் கல்லெறியக்கூடும். அப்படிச் செய்ய வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லுங்கள். கூட்டைப் படமெடுக்கக் கிளையை விலக்கவும் கூடாது; மறைவு போனால் காகத்துக்கு வழி காட்டியதாகிவிடும்.

பிள்ளைகள் தூரத்திலிருந்து எடுத்த பக்கவாட்டுப் படம் இருந்தால், பார்த்த நேரத்தையும் இடத்தையும் குறித்து அறிவியல் ஆசிரியையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கால்விரல் தெரிந்தால் அவர் மகிழ்வார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்